முதுகுக்குப் பின்னால் ஒரு சுவர் — என் மாணவன் போட்ட கொட்டேஷன்

பதிவு கொஞ்சம் நீளம். வீடு கட்டுகிறவர்கள், கட்டிக் கொடுக்கிறவர்கள், இரண்டும் இல்லாமல் கணக்குப் பிடிக்கிறவர்கள் பொறுமையாகப் படிக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கொத்தனாராக இருந்து, நான்கு வருடமாகச் சின்னச் சின்ன வேலைகளைத் தானே ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறான். காபி குடித்து முடிக்கும் வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகுதான் ஆரம்பித்தான்.

"டீச்சர், ஒரு கொட்டேஷன் எழுதணும். நீங்க கொஞ்சம் கூட உக்காரணும்."

"எனக்குக் கட்டட வேலை என்னடா தெரியும்?"

"வேலை எனக்குத் தெரியும் டீச்சர். கணக்குதான் காலை வாரி விடுது."

போன வருடம் ஒரு சுற்றுச்சுவரும் வண்டி நிறுத்தும் கொட்டகையும் கட்டிக் கொடுத்திருக்கிறான். பேசிய பணம் முழுதாக வந்துவிட்டது. ஆனாலும் கடைசியில் 38,000 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கிறது. அதை அடைக்க மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று, இன்னும் திரும்பவில்லை. "எங்க போச்சுன்னே தெரியல டீச்சர்" என்று அவன் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. எங்கே போனது என்று தெரியாத நஷ்டம் அடுத்த வேலையிலும் வரும்.

இப்போது வந்திருப்பது ஒரு வீட்டின் பின்பக்கமும் பக்கவாட்டும் சேர்த்து 100 அடி நீளச் சுற்றுச்சுவர். கேட் முன்பக்கம் இருப்பதால் அது இதில் இல்லை. அவன் மனதில் ஏற்கெனவே ஒரு தொகை இருந்தது. "ரன்னிங் அடிக்கு 2,000 போட்டா ரெண்டு லட்சம். ஊர்ல எல்லாரும் அப்படித்தான் பேசறாங்க."

யார் பேசுகிறார்கள், எந்த அகலச் சுவருக்கு, எவ்வளவு ஆழ அஸ்திவாரத்துக்கு என்று கேட்டேன். பதில் இல்லை. சரி, ரன்னிங் அடியை மறந்துவிட்டுச் சுவரைப் பகுதி பகுதியாகப் பிரிப்போம் என்றேன்.

பழைய நாட்குறிப்பு ஒன்றை எடுத்து அதில் சுவரின் குறுக்குவெட்டை வரையச் சொன்னேன். அழகாக வரைந்தான். வானம் இரண்டரை அடி அகலம், மூன்று அடி ஆழம். அதன் அடியில் அரை அடி கனத்துக்கு ஜல்லி கான்கிரீட். அதற்கு மேல் ஒன்றரை அடி அகலத்தில் கருங்கல் கட்டு, தரைக்கு மேலே அரை அடி வரை, அதாவது மூன்று அடி உயரம். அதன் மேல் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நாலரை அடி உயரம். இரண்டு பக்கமும் மேலேயும் பூச்சு. இனி நீளம், அகலம், உயரத்தைப் பெருக்க வேண்டியதுதான். ஐந்தாம் வகுப்புக் கணக்கு. வானம் 750 கன அடி, கான்கிரீட் 125, கருங்கல் 450, செங்கல் 337½ கன அடி, பூச்சு 975 சதுர அடி.

இதுவரை தடை இல்லை. கன அடியைச் சாமானாக மாற்றும் இடத்தில்தான் அவனுடைய முதல் ஓட்டை தெரிந்தது.

கான்கிரீட் 125 கன அடி என்றால் ஜல்லி, மணல், சிமெண்ட் மூன்றும் சேர்த்து 125 கன அடி வாங்கினால் போதும் என்று நினைத்திருக்கிறான். எனக்கும் முதலில் அது சரியாகத்தான் பட்டது. அப்புறம் ஒரு படி பொரியையும் ஒரு படி நாட்டுச்சர்க்கரையையும் கலந்தால் இரண்டு படி வருமா என்று யோசித்தேன். வராது. பொரியின் சந்துகளில் சர்க்கரை போய் உட்கார்ந்துவிடும். அதே போல ஜல்லியின் சந்தில் மணலும், மணலின் சந்தில் சிமெண்டும் போய்விடுகின்றன. தண்ணீர் ஊற்றிக் குத்தினால் இன்னும் அடங்குகிறது. என் அக்கா மகன் பொறியாளர். அவனுக்குப் போன் போட்டேன். "கான்கிரீட்டுக்குக் கனத்தை 1.54-ஆல பெருக்கிட்டு, அப்புறம் விகிதத்துல பிரிங்க சித்தி" என்றான். அப்படியே செய்தோம். 125 கன அடிக்கு உலர்ந்த சாமான் 192½ கன அடி. 1:4:8 கலவை என்றால் மொத்தம் 13 பங்கு. சிமெண்ட் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 15 கன அடி. ஒரு மூட்டை 1¼ கன அடி என்பதால் 12 மூட்டை. மணல் 59, ஜல்லி 118 கன அடி. அவன் பழைய முறையில் போட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாமான் குறைந்திருக்கும். அந்தக் குறை கைக்காசிலிருந்துதான் போயிருக்கும்.

செங்கல்லில் நேர்மாறான பயம் அவனுக்கு. சேம்பர் கல்லை 9 × 4½ × 3 அங்குலம் என்று வைத்தால் ஒன்று 121½ கன அங்குலம். ஒரு கன அடி என்பது 1,728 கன அங்குலம். வகுத்தால் கன அடிக்கு 14 கல் வருகிறது. உண்மையான கல் இதைவிடக் கொஞ்சம் சின்னது, ஆனால் சுற்றிலும் கலவை உட்காருகிறது. கலவையின் கனத்தைப் பொறுத்து 13-க்கும் 14-க்கும் நடுவில் நிற்கும். 13½ வைத்துக்கொண்டோம். 337½ கன அடிக்கு 4,556 கல். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து 4,800 என்று முடித்தோம். உடைசலைச் சேர்க்க அவனுக்கு மனமில்லை. "நான் உடைக்க மாட்டேன் டீச்சர்" என்றான். லாரிக்காரர் உடைப்பாரே!

மற்றதையும் இப்படியே போட்டோம். எல்லாவற்றையும் இங்கே எழுதினால் நீங்கள் ஓடிவிடுவீர்கள். கூட்டியதில் சிமெண்ட் 57 மூட்டை, சிந்துவது சிதறுவதற்குச் சேர்த்து 60. எம்-சாண்ட் 313 கன அடி.

இந்த 313-ல் ஒரு விஷயம் இருக்கிறது. நூறு கன அடி ஒரு யூனிட். கணக்குப்படி மூன்று யூனிட்டும் கொஞ்சமும். ஆனால் கொஞ்சம் மணலை யாரும் கொண்டுவந்து கொட்ட மாட்டார்கள். லாரியில் மூன்று யூனிட், டிராக்டரில் ஒரு யூனிட் என்று நான்காகத்தான் வாங்க முடியும். கணக்கில் வரும் அளவு வேறு, கடைக்காரர் தரும் அளவு வேறு. விலை போட வேண்டியது கடைக்காரர் தரும் அளவுக்கு. மீந்ததை அடுத்த வேலைக்கு எடுத்துப்போனால் லாபம்தான், ஆனால் அதை நம்பி இங்கே குறைக்கக் கூடாது. லாரி வந்ததும் தொட்டியின் நீள அகல உயரத்தை டேப்பால் அளந்து பார் என்றும் சொன்னேன். "அளந்தா கோவிச்சுக்குவாங்க டீச்சர்" என்றான். கோபித்துக்கொள்கிறவர் வண்டியைத்தான் கட்டாயம் அளக்க வேண்டும்.

விலை விசாரிப்பது அவன் வேலை. போன மாத ஞாபகத்தில் இருந்து ஒரு விலையும் எழுதக் கூடாது, இன்றே போன் போட்டுக் கேள் என்றேன். வேலை நடக்கும் இடம் வரை கொண்டுவந்து இறக்கும் விலையா, வரி சேர்ந்த விலையா என்று இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன். அவன் ஜிஎஸ்டி பதிவு செய்தவன் இல்லை. சிமெண்டுக்குக் கட்டும் வரி அவனுக்குத் திரும்பி வராது, அதனால் வரியோடு சேர்ந்ததுதான் அவனுக்கு விலை. எங்கள் ஊரில் அன்றைக்குக் கிடைத்த விலைகள் இவை, உங்கள் ஊரில் வேறாக இருக்கும்: செங்கல் ஒன்று 10 ரூபாய், சிமெண்ட் மூட்டை 370, எம்-சாண்ட் யூனிட் 6,000, பூச்சுக்கான பி-சாண்ட் 7,000, ஜல்லி 4,500, கருங்கல் 3,500. சாமான் மட்டும் 1,28,950 ரூபாய் வந்தது.

அடுத்தது கூலி. அவன் ஆட்கள் இரண்டு கொத்தனார், ஒரு பெரியாள், இரண்டு சித்தாள். இதை ஒரு செட் என்கிறான். கொத்தனாருக்கு 1,100, பெரியாளுக்கு 900, சித்தாளுக்கு 600. இரண்டு கொத்தனாரில் ஒருவன் இவனே. தாளில் 3,200 என்று எழுதினான். கூட்டிப் பார்த்தேன், 4,300 வரவேண்டும்.

"உன் கூலி எங்கேடா?"

"நான் எதுக்கு டீச்சர் கூலி எடுக்கணும்? வர்ற லாபம்தான் என் கூலி."

38,000-ல் ஒரு பகுதி போன வழி எனக்கு இங்கேதான் தெரிந்தது. அவன் இந்தச் சுவரை எடுக்காமல் வேறொரு மேஸ்திரியிடம் வேலைக்குப் போனால் மாலையில் 1,100 ரூபாயோடு வீட்டுக்கு வருவான். அந்த 1,100-ஐ விட்டுவிட்டுத்தான் இங்கே கரண்டி பிடிக்கிறான். அப்படியானால் அதுவும் இந்தச் சுவரின் செலவுதான். கூலியை எழுதாமல் விட்டுவிட்டு, கடைசியில் மிஞ்சிய பத்தாயிரத்தை லாபம் என்று சந்தோஷப்பட்டால், அது பதினாறு நாள் வேலைக்குக் கிடைத்த அரைக்கூலிதான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு 4,300 என்று திருத்தினான்.

எத்தனை நாள் ஆகும் என்பதில் எங்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. "ஒரு கொத்தனார் ஒரு நாளைக்கு ஆயிரம் கல் வைப்பான்" என்றான். வைப்பான்தான், நன்றாக வேலை நடந்த ஒரு நாளில். அவன் ஆட்களுக்குக் கூலி கொடுத்த நோட்டு வண்டியில் இருந்தது. அதை எடுத்துவரச் சொன்னேன். போன வேலையில் 6,200 கல், கொத்தனார் நாள் பத்தரை. வகுத்தால் 590. ஆயிரம் என்பது ஞாபகம், 590 என்பது நோட்டு. அவனே சிரித்துவிட்டான். 600 என்று வைத்தால் செங்கல் சுவருக்கு எட்டுக் கொத்தனார் நாள். கருங்கல் கட்டுக்கு 12, பூச்சுக்கு நாளைக்கு நூறு சதுர அடி வீதம் 10, கான்கிரீட்டுக்கு ஒன்று. மொத்தம் 31. இரண்டு கொத்தனார் என்பதால் 16 நாள். 16-ஐ 4,300-ஆல் பெருக்கினால் 68,800. வானம் தோண்ட ஜேசிபி நான்கு மணி நேரமும், ஓரம் செதுக்க இரண்டு ஆளும் 6,700. ஆகக் கூலி 75,500.

முடிந்தது என்று நான் பேனாவை மூடினேன். இந்த முறை அவன்தான் என்னைத் திருத்தினான். "டீச்சர், சுவர் வீட்டுக்குப் பின்னாடி. லாரி தெருவுலதான் நிக்கும். கல்லு, மணல், ஜல்லி எல்லாம் சந்து வழியா எண்பது அடி தலையில தூக்கணும்." எனக்கு அது தோன்றவே இல்லை. தூக்க மட்டும் எட்டு ஆள் கூலி, 6,000 ரூபாய். போய்ப் பார்க்காமல் கொட்டேஷன் எழுதுகிறவர்கள் விடுவது இதைத்தான். அதோடு டீ செலவு 4,000, கரண்டி சட்டி பாரைத் தேய்மானம் 1,500, பெட்ரோல் போன் 2,000. ஆக 13,500. தண்ணீர் வீட்டுக்காரருடைய போரில் இருந்து என்று பேச்சு. அது இல்லையென்றால் டேங்கர் கணக்கும் சேரும்.

மூன்றையும் கூட்டினால் 2,17,950. மழையில் ஒரு நாள், விலை ஏற்றம், யாராவது வராமல் போவது இவற்றுக்கு நூற்றுக்கு மூன்று. ஆக அடக்கம் 2,24,500 ரூபாய். அவன் வாயால் சொல்ல இருந்த இரண்டு லட்சத்தை அதன் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கையெழுத்துப் போட்ட நிமிடமே 24,500 நஷ்டம். சங்கிலிக்குத் துணையாக வளையலும் போயிருக்கும்.

இப்போது லாபம். நூற்றுக்குப் பதினைந்து வேண்டும் என்றான். அடக்கத்தின் மேல் 15 சதவீதம் 33,675. இரண்டையும் கூட்டி 2,58,000 என்று முழுதாக்கினோம். பள்ளிப் புத்தகத்தில் லாப சதவீதத்தை எப்போதும் அடக்க விலையின் மேல்தான் போடுவோம். ஆனால் ஒப்பந்தக்காரர்களின் வாயில் "பில்லுல பதினஞ்சு பர்சென்ட் எனக்கு" என்று வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. 2,58,000 பில்லில் 33,500 என்பது 13 சதவீதம்தான். பில்லில் பதினைந்து நிற்க வேண்டுமானால் அடக்கத்தை 0.85-ஆல் வகுக்க வேண்டும், 2,64,000 வரும். எதை வைத்துக்கொள்வது என்பது அவனவன் விருப்பம். மனதில் ஒன்றும் தாளில் ஒன்றுமாக இருந்தால்தான் வம்பு.

பேரம் பேசும்போது இது இன்னும் மோசமாகக் கடிக்கும். "ரவுண்டா 2,40,000 வச்சுக்கோப்பா" என்று வீட்டுக்காரர் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "ஏழு பர்சென்ட்தானே டீச்சர், விட்டுக் கொடுத்துடுவேன்" என்றான். 18,000 குறைகிறது. அது சாமானில் குறையாது, கூலியில் குறையாது. முழுக்க அந்த 33,500-ல் இருந்துதான் போகும். மிஞ்சுவது 15,500. பில்லில் ஏழு சதவீதம் விட்டால் லாபத்தில் பாதிக்கு மேல் காலி. இதை எழுதிக் காட்டியபோது அவன் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். நாலு வருடமாக ஒவ்வொரு வேலையிலும் "ரவுண்டா" விட்டுக் கொடுத்திருக்கிறான்.

அதனால் பேரத்துக்கு ஒரு வழி வகுத்துக்கொண்டோம். தொகையைக் குறைக்கச் சொன்னால் வேலையைக் குறைத்துக் காட்டுவது. பின்பக்கம், பக்கத்து மனைப் பக்கம் இருக்கும் பூச்சை விட்டுவிட்டால் 450 சதுர அடி குறையும். அடக்கத்தில் 12,600, லாபத்தோடு 14,500 குறைக்கலாம். அவன் லாப விகிதம் அப்படியே நிற்கும்.

கொட்டேஷனை ஒரே பக்கத்தில் எழுதினோம். தொகைக்கு மேலேயே சுவரின் அகலம், வானத்தின் அகல ஆழம், கலவை விகிதம் எல்லாம். 2,10,000-க்கு இன்னொருவர் கேட்டிருப்பதாகத் தகவல். அவர் நாலரை அங்குலச் சுவரா ஒன்பது அங்குலமா என்பதை வீட்டுக்காரரே அவரிடம் கேட்கட்டும். கீழே நான்கு வரிகள்: தண்ணீரும் மின்சாரமும் வீட்டுக்காரருடையவை. விலை பதினைந்து நாளுக்கு. மூன்று அடிக்குக் கீழே போனால் கருங்கல் கட்டு கன அடிக்கு 170, தோண்டுதல் 12. பணம் முன்பணமாக ஒரு பங்கு, கருங்கல் முடிந்ததும், செங்கல் முடிந்ததும், கடைசியில் என்று நான்கு தவணை. வீட்டுக்காரர் சுவருக்கு இவன் வட்டிக்கு வாங்கிச் சாமான் போடக் கூடாது.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற அலுவலர். ஒவ்வொரு வரியாகக் கேட்டாராம். எதிர்பார்த்தது போலவே 2,40,000 என்றாராம். இவன் பூச்சைக் காட்டியிருக்கிறான். கொஞ்சம் யோசித்துவிட்டு 2,43,500-க்கு ஒத்துக்கொண்டார்.

வேலையில் எல்லாம் கணக்குப்படி நடக்கவில்லை. பதின்மூன்றரை நாளில் முடிய வேண்டியது மழையால் பதினைந்து ஆயிற்று, 6,450 கூடுதல் கூலி. நூற்றுக்கு மூன்று என்று ஒதுக்கியது அதற்கே சரியாகப் போயிற்று. பழைய குப்பைக்குழி இருந்த மூலையில் இருபது அடி நீளத்துக்கு மண் உதிர்ந்ததால் நான்கு அடி வரை இறங்க வேண்டியிருந்தது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, கடப்பாரை இறங்குவதைக் காட்டி, அவர் முன்னாலேயே அளந்திருக்கிறான். 30 கன அடிக் கட்டு, 50 கன அடித் தோண்டல், 5,700 ரூபாய். எழுதியிருந்ததால் பேச்சில்லாமல் கொடுத்தார். போன வருடமும் இப்படி ஓர் இடம் இறங்கியதாம். அப்போது கேட்க வாய் வரவில்லை என்றான்.

போன வாரம் நோட்டோடு வந்தான். தன் கூலி போக 31,000-க்குக் கொஞ்சம் மேலே நின்றிருக்கிறது. சங்கிலியை மீட்க இன்னும் கொஞ்சம் குறைகிறது, அடுத்த வேலையில் எடுத்துவிடுவானாம். அந்த அடுத்த வேலை ஓர் அறையும் மேலே தளமும். கம்பிக் கணக்கு வரும். "அது எனக்குத் தெரியாதுடா, வரைபடம் போட்ட பொறியாளரிடம் கம்பி அட்டவணை வாங்கிட்டு வா, எடை போட்டுப் பார்க்கலாம்" என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறான். நாட்குறிப்பில் இன்னும் எண்பது பக்கம் பாக்கி இருக்கிறது.